ஹனோவரில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்தது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் நன்றிக்குரியவர்களும்

என்ன படிப்பு, எந்த ஊரு, எந்த காலேஜ்? ஒரு தடவை தெளிவா சொல்லிடும்மா.

ஜெர்மனியில் கீழ் சாக்சனி மாநிலத்தின் தலைநகரான ஹனோவர் நகரில் லைப்னிட்ஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே நீர்வளம், சுற்றுச்சூழல் மேலாண்மை ஆகிய இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கும் முதுநிலைப் படிப்பில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் நடத்தப்படும் இப்படிப்பு நான்கு பருவங்கள், அதாவது இரண்டு ஆண்டுகள் கொண்டது. வகுப்புகள் அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்தில் ஆரம்பமாகின்றன.

செய்தி வெளியே தெரிந்ததிலிருந்து உறவினர்கள், அண்டை வீட்டார், கல்லூரியில் எனக்குப் பின் படிப்பவர்கள் எனப் பலரும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைக் கேட்பதால், அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி பதில்களைத் தொகுத்திருக்கிறேன். இந்த இடம் பல காகிதங்களைச் சேர்த்துக் கிடைத்தது. அந்தக் காகிதங்கள் ஒவ்வொன்றுக்கும் எனக்காக மெனக்கெட்ட ஒருவர் இருக்கிறார். ஆகவே நன்றியைத் தனியாக ஒரு பத்தியில் அடக்காமல், அந்தந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்லும் இடத்திலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

தண்ணியப் பத்திப் படிக்க நம்ம ஊர்ல இடமே இல்லையா? நாகப்பட்டினத்துக்காரி ஜெர்மனிக்குப் போகணுமா?

இங்கேயே நல்ல இடங்கள் உண்டு. சென்னை ஐஐடியில் கடல்சார் பொறியியல் துறையும், அண்ணா பல்கலைக்கழகத்தில் நீர்வள மையமும் இருக்கின்றன. அவை போதாது என்று நினைத்து நான் வெளியே போகவில்லை. கடைமடைப் பகுதியில் வாய்க்கால் தண்ணீர் வந்து சேராத ஆண்டுகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் உப்புக்கரிக்கத் தொடங்குவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்ததால், நிலத்தடி நீரையும் கடலோரத்தையும் ஒரே படிப்பில் கற்க வேண்டும் என்பதுதான் என் விருப்பமாக இருந்தது. ஹனோவர் பாடத்திட்டத்தில் அந்தச் சேர்க்கை இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. ஹனோவர், பிரவுன்ஷ்வைக் ஆகிய இரு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்தும் கடலோர ஆய்வு மையத்தில் ஏறத்தாழ 300 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் 7 மீட்டர் ஆழமும் கொண்ட அலைக் கால்வாய் ஒன்று இருக்கிறது. சிறிய மாதிரிகளை வைத்துச் சோதிக்கும்போது மணலும் அலையும் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை என்பதால், கிட்டத்தட்ட உண்மையான அளவிலேயே அலையை உண்டாக்கிக் கரையும் தடுப்பும் எப்படித் தாங்குகின்றன என்று பார்க்க இப்படி ஓர் இடம் தேவைப்படுகிறது. அங்கே பணிபுரிய வாய்ப்புக் கிடைக்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. ஆனால் அப்படி ஒன்று இருப்பதை மூன்றாம் ஆண்டில் பாய்ம இயக்கவியல் வகுப்பில் பேராசிரியர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பாடத்திட்டத்தில் இல்லாத அந்தச் சில நிமிடங்களுக்காக அவருக்கு என் முதல் நன்றி.

அரசுப் பள்ளியில தமிழ் மீடியம்ல படிச்ச பொண்ணு, இங்கிலீஷ்ல எப்படிச் சமாளிக்கப் போற?

ஐஇஎல்டிஎஸ் தேர்வு எழுதிப் படிப்புக்குத் தேவையான மதிப்பெண்ணைப் பெற்றிருக்கிறேன். பொறியியல் படிப்பு ஆங்கில வழியில் நடந்தது என்று கல்லூரி தரும் சான்றிதழை மட்டும் ஏற்கும் பல்கலைக்கழகங்களும் ஜெர்மனியில் உண்டு. ஆனாலும் தேர்வு எழுதிவிடுவதுதான் நல்லது என்பது என் கருத்து. அந்தச் சான்றிதழை ஒரு பல்கலைக்கழகம் ஏற்கும், இன்னொன்று ஏற்காது.

பேச்சு ஆங்கிலம் கல்லூரியில் வந்தது. கணக்கும் இயற்பியலும் தமிழில்தான் வந்தன, அவை இன்றும் தமிழில்தான் எனக்குள் ஓடுகின்றன. விசையும் திருப்புத்திறனும் புரியாத வரை அடுத்த பக்கத்தைத் திருப்ப விடாத என் மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியைக்கும், பத்தாம் வகுப்பில் பள்ளி முடிந்த பிறகும் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கும் நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அக்கா, எனக்கு சிஜிபிஏ 8.2. ஜெர்மனிக்குப் போதுமா?

ஜெர்மனியில் மதிப்பெண் முறை நம்முடையதற்கு நேர் எதிரானது. 1.0 என்பது மிகச் சிறந்தது, 4.0 என்பது தேர்ச்சியின் கடைசி எல்லை. நம் மதிப்பெண்ணை அந்த முறைக்கு மாற்றப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் திருத்தப்பட்ட பவேரிய வாய்பாடு என்ற கணக்கைப் பயன்படுத்துகின்றன. உச்ச மதிப்பிலிருந்து நீங்கள் பெற்றதைக் கழித்து, அதை உச்ச மதிப்புக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்புக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உச்சம் 10, குறைந்தபட்சத் தேர்ச்சி 5 என்று வைத்துக்கொண்டால் 8.2 இப்படி மாறும்:

```
1 + 3 × (10 − 8.2) ÷ (10 − 5) = 2.08
```

ஒரு தசமத்தோடு நிறுத்தி மீதியை விட்டுவிடுவது வழக்கம் என்பதால் இது 2.0 ஆகும். பல படிப்புகள் 2.5 என்ற எல்லையை வைத்திருக்கின்றன; அவற்றுக்கு இது தாராளமாகப் போதும். எல்லை எதுவும் வைக்காமல், தகுதியுள்ள அனைவருக்கும் இடம் தரும் படிப்புகளும் உண்டு. இடங்களின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட படிப்புகளில் மட்டும் உங்கள் 2.0 மற்றவர்களின் மதிப்பெண்ணோடு போட்டியிட வேண்டியிருக்கும்.

அதே 8.2 வெச்சிருக்கற என் ஃப்ரெண்டுக்கு 2.3னு வந்திருக்கே, அது எப்படி?

மேலே உள்ள கணக்கில் 5 என்று எழுதிய இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் தேர்ச்சியின் கடைசிப் படி ‘சி’, அதன் மதிப்பு 5. அதற்கு முந்தைய 2017 ஒழுங்குமுறையில் கடைசிப் படி ‘பி’, அதன் மதிப்பு 6. இரண்டிலும் தேர்ச்சிக்கு 50 மதிப்பெண் என்பது ஒன்றுதான். ஆனால் வாய்பாட்டில் 6 போட்டால் வகுக்கும் எண் 5க்குப் பதிலாக 4 ஆகிவிடுகிறது:

```
1 + 3 × (10 − 8.2) ÷ (10 − 6) = 2.35
```

படித்த ஆண்டும் பெற்ற மதிப்பெண்ணும் மாறாமலே முடிவு 2.0இலிருந்து 2.3க்குப் போய்விடுகிறது. விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு உங்கள் ஒழுங்குமுறை எது என்று தானாகத் தெரியாது. மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் படிநிலை அட்டவணையையோ கல்லூரி தரும் கடிதத்தையோ பார்த்துத்தான் அவர் முடிவு செய்கிறார். பின்பக்கத்தை ஸ்கேன் செய்யாமல் அனுப்புபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது வெறும் விதிமுறைப் பக்கம்தானே என்று நினைத்துவிடுகிறார்கள்.

எங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவில் இருக்கும் அலுவலர் ஒருவர், நான் கேட்காமலே, “இதையும் சேர்த்து அனுப்புங்கம்மா” என்று சொல்லி, எந்த ஒழுங்குமுறை, குறைந்தபட்சத் தேர்ச்சி எவ்வளவு என்ற இரண்டையும் ஒரே தாளில் எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தார். பட்டமளிப்பு விழாக்களில் நன்றி சொல்லப்படுபவர்களின் வரிசையில் தேர்வுப் பிரிவுக்காரர்கள் வருவதில்லை. இங்கே அவருக்கு நன்றி சொல்லிவிடுகிறேன்.

மார்க் நல்லா இருந்தும் ரிஜெக்ட் ஆகுதாமே? ஏன்?

பெரும்பாலும் பாடப் பொருத்தம் இல்லாததால்தான். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் பட்டத்தின் பெயரைவிட, அதற்குள் எந்தப் பாடத்தை எவ்வளவு படித்திருக்கிறீர்கள் என்பதைப் பார்க்கின்றன. கணிதத்தில் இத்தனை, நீரியலில் இத்தனை என்று ஐரோப்பிய கிரெடிட் அளவில் குறைந்தபட்சம் கேட்பது வழக்கம். அங்கே முழுநேரப் படிப்பில் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு.

நம் நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பின் மொத்த கிரெடிட் 160ஐ ஒட்டி வரும், அங்கே நான்கு ஆண்டுக்கு 240 வரும் என்பதால், நம்முடைய ஒரு கிரெடிட்டை அங்குள்ள ஒன்றரை என்று வைத்துக் கணக்கிடுவது பரவலான முறை. நம் 3 கிரெடிட் நீரியல் பாடம் அங்கே 4.5 ஆகும். படிப்பு நீரியல் சார்ந்த பாடங்களில் 12 கிரெடிட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாய்ம இயக்கவியல், பயன்பாட்டு நீரியல் பொறியியல், நீரியல் என மூன்று பாடங்களைக் காட்டினால் 13.5 வந்துவிடும். அவற்றில் ஒன்றின் தலைப்பைப் பார்த்து அது வேறு துறை என்று மதிப்பீட்டாளர் நினைத்துவிட்டால் 9 ஆகிவிடும், விண்ணப்பமும் அங்கேயே நின்றுவிடும்.

இதைத் தவிர்க்கத்தான் பாட விளக்கத் தொகுப்பு ஒன்றை இணைக்கச் சொல்கிறார்கள். எங்கள் துறைத் தலைவர் என்னை உட்காரவைத்து, ஒவ்வொரு பாடத்தின் அலகுகளையும் வகுப்பு மணிகளையும் பாடநூலையும் ஹனோவர் கேட்கும் பிரிவுகளுக்கு எதிரே அட்டவணையாக எழுதவைத்தார். பாசனப் பொறியியலில் எந்த அலகு திறந்த கால்வாய் ஓட்டத்தைப் பற்றியது என்பதைத் தானே அடிக்கோடிட்டார். பரிந்துரைக் கடிதத்தில் “மிகச் சிறந்த மாணவி” என்ற சொல்லே இல்லை. என் திட்டப்பணியில் கிணற்று நீரின் மின்கடத்துத்திறனை எப்படி அளந்தேன், எந்த அளவீட்டை நம்பாமல் திரும்ப எடுத்தேன் என்பதைத்தான் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் பிறகு படித்தபோது, அவர் எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார் என்று தெரிந்தது. அதற்காக அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஏபிஎஸ்னு ஒண்ணு சொல்றாங்களே, அது கட்டாயமா?

ஆம். இந்தியாவில் படித்துவிட்டு ஜெர்மனிக்கு மாணவர் விசா கேட்பவர்கள் 2022 நவம்பர் 1 முதல் இந்தச் சான்றிதழை இணைக்க வேண்டும். உங்கள் பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்கள் உண்மையானவை, அவை ஜெர்மனியில் உயர்கல்விக்குத் தகுதியுள்ளவை என்று புதுதில்லியில் உள்ள கல்வி மதிப்பீட்டுப் பிரிவு சரிபார்த்துச் சொல்வதுதான் அது. நான் விண்ணப்பித்தபோது கட்டணம் 18,000 ரூபாய். ஒருமுறை எடுத்துவிட்டால் எத்தனை பல்கலைக்கழகங்களுக்கும் பயன்படுத்தலாம். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தின்போதே இதைக் கேட்பதால், விசாவுக்குத்தானே என்று தள்ளிப்போடக் கூடாது.

இதற்காகப் பத்தாம் வகுப்பிலிருந்து எல்லா மதிப்பெண் பட்டியல்களும் வேண்டும். அம்மா என் சான்றிதழ்கள் அனைத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெள்ளம் வந்தாலும் எட்டாத உயரத்தில், பரணில் வைத்திருந்தார். கஜா புயலில் வீட்டு ஓடுகள் போன பிறகும் அந்த உறை நனையவில்லை. சான்றிதழ் தொலைந்து நகல் வாங்க அலைந்த நண்பர்களைப் பார்த்த பிறகுதான் அந்த உறையின் மதிப்பு எனக்குப் புரிந்தது.

பாஸ்போர்ட்ல உங்கப்பா பேரு சேர்ந்து நீளமா இருக்கு, மார்க் ஷீட்ல இனிஷியல்தான் இருக்கு. பிரச்சினை வராதா?

தமிழ்நாட்டு மாணவர்களுக்கே உரிய தலைவலி இது. நம் மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் தந்தையின் முதலெழுத்து மட்டும் இருக்கும். கடவுச்சீட்டில் முதலெழுத்தை அப்படியே போட மாட்டார்கள், விரித்து எழுதச் சொல்வார்கள். அங்கே தந்தையின் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதியிருந்தால் சிக்கல் குறைவு. சிலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, எல்லாவற்றையும் பெயர்க் கட்டத்திலேயே எழுதிவிடுகிறார்கள். ஜெர்மனியில் குடும்பப்பெயர் இல்லாத ஒருவரைப் பதிவு செய்ய அலுவலர்கள் தடுமாறுவார்கள். வங்கிக் கணக்கு, காப்பீடு, வீட்டு ஒப்பந்தம் ஆகிய ஒவ்வொன்றிலும் பெயர் ஒவ்வொரு விதமாக விழக்கூடும்.

இருவேறு வடிவங்களும் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அதைவிட நல்லது, கடவுச்சீட்டு எடுக்கும்போதே தந்தையின் பெயரைக் குடும்பப்பெயராகத் தருவது. எனக்கு அப்படித்தான் செய்தார்கள். விளைவு என்னவென்றால், அனுமதிக் கடிதம் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லி விளித்து வந்திருந்தது. தனக்கே இடம் கிடைத்ததுபோல் அப்பா அதைத் தெருவில் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெருமைக்கு அவர் உரியவர்தான்.

ஜெர்மனில படிப்பு ஃப்ரீனு சொல்றீங்க, அப்புறம் எதுக்கு 12 லட்சம்?

அந்தப் பணம் கட்டணம் அன்று, என் சொந்தச் செலவுக்கான பணம். கீழ் சாக்சனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் முதுநிலைப் படிப்புக்கு வெளிநாட்டு மாணவர்களிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பருவத்துக்கு ஒருமுறை சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும் செலுத்த வேண்டும்; பேருந்து, ரயில் பயணச்சீட்டும் அதற்குள் அடங்கும். எல்லா மாநிலமும் இப்படி இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்காலப் பருவம் முதல் கட்டணம் வாங்குகிறது.

படிக்க வருபவர் முதல் ஆண்டுக்குத் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வார் என்று விசா அலுவலகத்துக்கு நிரூபிக்க வேண்டும். அதற்குத்தான் முடக்கக் கணக்கு என்ற ஏற்பாடு. 2024 செப்டம்பர் முதல் அதன் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 12 லட்சம். முழுத்தொகையையும் முன்கூட்டியே செலுத்திவிட வேண்டும். அங்கே போன பிறகு மாதத்துக்கு 992 யூரோ வீதம் நமக்கே திரும்பி வரும். அதில்தான் வீட்டு வாடகை, சாப்பாடு, மாதம் 140 யூரோவுக்குச் சற்று மேல் ஆகும் மாணவர் மருத்துவக் காப்பீடு எல்லாம் அடங்க வேண்டும். விசா மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தைக் காட்டித் தொகையைத் திரும்பப் பெறலாம். கணக்கைத் திறந்து தந்த நிறுவனத்தின் சேவைக் கட்டணம் மட்டும் திரும்பி வராது.

லோன் எப்படி கெடச்சுது? வீட்டுப் பத்திரத்தை வெச்சீங்களா?

பொதுத்துறை வங்கிகளில் 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குப் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதில்லை. அதற்கு மேல் போனால் ஈடு வேண்டும். முடக்கக் கணக்குக்கே 12 லட்சம் ஆவதால் எங்களுக்கு ஈடு தேவைப்பட்டது. எங்கள் வீடு புறம்போக்கை ஒட்டிய நிலத்தில் இருப்பதால் அதன் பட்டா வங்கிக்குப் போதவில்லை. என் தாய்மாமா தன் பெயரில் இருக்கும் வீட்டைக் கொடுத்தார். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது, கட்டட வரைபட ஒப்புதல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு வங்கியின் வழக்கறிஞரிடமும் மதிப்பீட்டாளரிடமும் மாமாதான் அலைந்தார். அத்தையும் கையெழுத்துப் போட்டார். தங்களுக்கும் பிள்ளைகள் இருக்கும்போது மருமகளின் படிப்புக்காக இருக்கும் ஒரே வீட்டை எழுதிக்கொடுப்பது எளிய காரியம் இல்லை. அவர்கள் இருவருக்கும் நான் பட்ட கடன் வங்கிக் கடனைவிடப் பெரியது.

வங்கியில் எழும் இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். வழக்கமான கல்விக் கடனில் பணம் நேரடியாகக் கல்லூரிக்குப் போகும். இங்கே கல்விக் கட்டணமே இல்லாததால் “யாருக்கு அனுப்புவது?” என்று கிளையில் விழிப்பார்கள். பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம், முடக்கக் கணக்கின் விவரம், விசாவுக்கு அந்தத் தொகை கட்டாயம் என்பதற்கான தூதரகப் பக்கத்தின் அச்சுப்பிரதி ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் வாழ்க்கைச் செலவு என்ற தலைப்பில் முழுத்தொகையையும் அனுப்ப முடியும். கடன் ஒப்புதல் கடிதத்தை மட்டும் விசாவுக்குக் காட்டுவது போதாது, பணம் முடக்கக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சொந்தப் பணத்தை அனுப்பினால் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் உள்ள பகுதிக்கு வங்கி முன்வரி பிடிக்கும். கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் அது இல்லை.

அங்க பார்ட் டைம் வேலை பாத்தே கடனை அடைச்சிடலாமே?

முடியாது என்றே வைத்துக்கொள்வது நல்லது. மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம் என்பது 2024 மார்ச் முதல் உள்ள விதி. அதில் வரும் பணம் இரண்டாம் ஆண்டின் வாழ்க்கைச் செலவுக்குப் பயன்படும். மேலே சொன்ன முடக்கக் கணக்கு முதல் ஆண்டோடு தீர்ந்துவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதற்குப் பிறகு தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போதும் செலவுக்கு வழி இருப்பதைக் காட்ட வேண்டும். கடன் தவணை படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகுதான் பொதுவாகத் தொடங்கும். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும்.

எந்த ஏஜென்ட் மூலமாப் போற? நம்பர் குடேன்.

ஏஜென்ட் யாரும் இல்லை. பல்கலைக்கழகங்கள் தங்கள் தளத்திலோ யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பின் மூலமாகவோ நேரடியாகவே விண்ணப்பம் வாங்குகின்றன. யூனி-அசிஸ்டுக்கு ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. இடைத்தரகர் ஒருவர் “சீட்டு உறுதி” என்று சொன்னால், அது எந்தப் பல்கலைக்கழகம், அரசுடையதா தனியாருடையதா, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்ற மூன்றையும் கேளுங்கள். ஆள் சேர்த்துவிட்டால் தரகு தருவது பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள்தான் என்பதால், இலவசப் படிப்பு இருக்கும் நாட்டுக்கே பல லட்சம் கட்டணம் செலுத்திப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

விசாவே இன்னும் வரல. அதுக்குள்ள ஊருக்கெல்லாம் சொல்லலாமா? கண்ணு படாதா?

நான் இங்கே அறிவித்திருப்பது அனுமதிக் கடிதத்தை மட்டும்தான். அது படிப்பில் எனக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்கிறது. விசா பெற்று, குறிப்பிட்ட நாளுக்குள் சேர்க்கையை முடித்து, பங்களிப்பைச் செலுத்தினால்தான் நான் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவி ஆவேன். விசா மறுக்கப்படவும் கூடும். முன்பெல்லாம் மறுப்பை எதிர்த்துத் தூதரகத்துக்கே கட்டணமின்றி மறுபரிசீலனை மனு எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். இப்போது புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். எனவே முதல் விண்ணப்பத்திலேயே காகிதங்கள் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

கண் படும் என்று சொன்ன பாட்டிக்கு என் பதில்: இத்தனை பேர் உதவி செய்த பிறகு அவர்களுக்குச் சொல்லாமல் ரகசியமாக வைத்திருப்பது மரியாதை ஆகாது. சுற்றிப்போட அவருக்கு முழு உரிமை உண்டு.

படிச்சு முடிச்சுட்டு அங்கேயே தங்கிடுவியா?

படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி தருகிறார்கள். அதற்கு மேல் இப்போதே முடிவு செய்யும் நிலையில் நான் இல்லை.

டீச்சருங்க பேரையெல்லாம் ஏன் போடல?

அவர்களிடம் கேட்டேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். படிப்பவர்களுக்கு அவர்கள் யார் என்று தெரியாவிட்டாலும், மேலே நான் சொன்ன காரியங்களைப் பார்த்தால் அவர்களுக்கே தெரியும். இதுவரை எங்கும் சொல்லாத ஒருவர் மட்டும் மிச்சம் இருக்கிறார். பள்ளி நாட்களில் பேருந்துக் கட்டணமில்லா அட்டை வருவதற்கு முந்தைய ஒவ்வொரு ஜூன் மாதமும் என்னைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுவிட்ட அண்ணன், தான் பாலிடெக்னிக்கோடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போனதால்தான் நான் பொறியியல் சேர முடிந்தது. வங்கியில் கடனுக்கு இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்திட்டிருப்பவரும் அவரே.

அடுத்த வருஷம் நானும் அப்ளை பண்ணணும். எதுல இருந்து ஆரம்பிக்கணும்?

கடவுச்சீட்டில் பெயரைச் சரிபார்ப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். மற்ற எல்லாக் காகிதங்களும் அந்தப் பெயரைத்தான் பின்பற்றும். அடுத்து ஐஇஎல்டிஎஸ், அதன் பிறகு மதிப்பெண் பட்டியல்கள் கைக்கு வந்ததும் ஏபிஎஸ். அது வந்துசேரும் வரை காத்திருக்கும் நாட்களில் பாட விளக்க அட்டவணையைத் தயாரித்து, ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கடைசி வாரத்தில் போய் நின்றால் அவர்களால் பொதுவான நான்கு வரிகளைத்தான் எழுத முடியும்.

அனுமதிக் கடிதம் வந்த பிறகு கடன், முடக்கக் கணக்கு, விசா என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். ஒன்று முடியாமல் அடுத்தது நகராது. இதில் அதிகம் இழுப்பது கடன்தான். வில்லங்கச் சான்றையும் மூலப்பத்திரத்தையும் அனுமதிக் கடிதம் வருவதற்கு முன்பே எடுத்துவைத்து, வங்கி வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்; பத்திரத்தில் குறை இருந்தால் அதைச் சரிசெய்ய அப்போதுதான் அவகாசம் இருக்கும்.